மூன்று ரெஸ்யூம், ஒரு மெயில்

கோவையில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி போர்ட்டலில் வரும் 2பி அறிக்கையைக் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். சப்ளையர் தன் பில்லை ஏற்றாமல் விட்டால் அது 2பியில் வராது. அதற்கான இன்புட் கிரெடிட்டும் கிடைக்காது.

வந்த ரெஸ்யூம்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்த ஹெச்.ஆர். அதிகாரி, அவற்றை அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு அனுப்புகிறார். 'மூன்று பேருமே நல்ல கேண்டிடேட்ஸ், இண்டர்வியூ தேதி சொல்லுங்கள்' என்று ஒரே வரியில் முடித்தால், மேனேஜர் அனுபவ ஆண்டுகளைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார். விவரம் தெரிந்தவர் எழுதும் மெயில் வேறு மாதிரி இருக்கும்.

'முதலாமவர் எட்டு ஆண்டுகள் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவர். துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிக்கத் தெரியும். தொழிற்சாலைக்குள் வேலை பார்த்ததில்லை. இரண்டாமவர் நான்கு ஆண்டுகளாக ஒரு ஃபவுண்டரியில் இருக்கிறார். ரிட்டர்ன் தாக்கலை அங்கே ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். பில் சரிபார்ப்பு முழுக்க இவர் பொறுப்பு. நோட்டீஸ் பீரியட் 60 நாள். மூன்றாமவருக்கு இரண்டு ஆண்டு அனுபவம்தான். எக்செல் நன்றாக வரும், உடனே சேர முடியும். முதல் சில மாதங்கள் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித்தர வேண்டும்.'

இதில் ரெஸ்யூமில் இல்லாத விஷயமும் உண்டு. முதல் இருவருமே '2பி ரீகன்சிலியேஷன்' என்று போட்டிருந்தார்கள். போனில் துருவிக் கேட்டபோது, முதலாமவருக்கு கிளையண்ட் ஊழியர்கள் ஒத்துப் பார்த்து முடித்த ஷீட்தான் வந்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டாமவரோ, பில் ஏற்றாத சப்ளையர்களுக்கு மாதாமாதம் போன் போட்டதையும், ஏற்றும்வரை வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்ததையும் விவரமாகச் சொன்னார். ரெஸ்யூமில் படித்தது எது, பேசித் தெரிந்தது எது என்று மெயில் பிரித்துக் காட்டுகிறது. திருமணம், சொந்த ஊர், சாதி பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மூவரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தாமல், அவர் மேனேஜரிடம் ஒரு கேள்வி வைக்கிறார்: 'இப்போது உங்களுக்குத் தலைவலி எது? நோட்டீஸா, நிலுவையில் நிற்கும் கிரெடிட்டா?' நோட்டீஸ் என்றால் முதலாமவரைப் பார்க்கலாம். கிரெடிட் என்றால் இரண்டாமவர். ஆனால் அவர் வந்து சேரும்வரை அந்த இரண்டு மாத ரிட்டர்னை யார் பார்ப்பது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். சொல்லித்தர ஆள் இருந்தால் மூன்றாமவரும் சரிப்படுவார்.

மெயிலின் கடைசியில் இண்டர்வியூவுக்கு ஒரு யோசனை: இருபது பில்களும் அதற்குரிய 2பி ஷீட்டும் கொடுத்து, ஒத்துப்போகாத மூன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கண்டுபிடித்த பிறகு யாருக்கு முதலில் போன் செய்வார்கள் என்றும் கேளுங்கள்.