கைமாறிய சுக்கான்

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் லோரி வளைவில் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். முன்சக்கரங்கள் முதலில் திரும்பும்; பின்பகுதி அவற்றைத் தொடர்ந்து இழுபட்டு வரும். கப்பல் இதற்கு நேர்மாறு. அதைத் திருப்பும் சுக்கான் பின்முனையில் இருக்கிறது. கப்பல் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், முதலில் அதன் பின்பகுதி இடப்பக்கம் தள்ளப்பட வேண்டும். அதன் பிறகுதான் முன்முனை வலப்பக்கம் நோக்கும்.

சுக்கானை நீருக்கடியில் செங்குத்தாக நிற்கும் ஓர் எஃகுக் கதவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்னால் உந்துவிசிறி சுழன்று தண்ணீரைப் பின்னோக்கி வீசுகிறது. கதவு நேராக இருந்தால் தண்ணீர் இருபுறமும் சமமாக வழுக்கிச் செல்லும். கதவை வலப்பக்கம் சாய்த்தால், ஓடிவரும் நீர் வலப்புறமாகத் திசைமாறும். நீரை வலப்புறம் தள்ளிய கதவு தானும் இடப்புறம் தள்ளப்படும். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. கதவோடு சேர்ந்து கப்பலின் பின்பகுதியும் இடப்புறம் நகரும். கப்பல் இப்படிச் சற்றுக் குறுக்காகத் திரும்பியதும், எதிரே வரும் நீர் அதன் இடப்பக்கச் சுவரில் மோதத் தொடங்கும். பெரிய கப்பலை வளைவான பாதையில் தள்ளுவது பெரும்பாலும் இந்த அழுத்தமே. சுக்கானின் வேலை, கப்பலின் உடலை நீரோட்டத்துக்குச் சாய்த்துக் காட்டுவது.

ஒருவர் வலப்பக்கமாகக் கடலில் விழுந்துவிட்டால் சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவார்கள்? அவரை விட்டு விலகத்தானே வேண்டும் என்று இடப்பக்கம் திருப்பினால், பின்பகுதியும் உந்துவிசிறியும் அவரை நோக்கிப் போகும். அதனால் அவர் விழுந்த பக்கமே, அதாவது வலப்பக்கமே, திருப்புவார்கள்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். நீர் ஓடினால்தான் சுக்கானுக்கு வலிமை. எஞ்சின் நின்று, வேகமும் குறைந்துவிட்டால் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் பெரிய பயன் இராது. அளவுக்கு மீறித் திருப்பினாலும் பயனில்லை. நீர் அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்து சுழலத் தொடங்கிவிடும். அதனால்தான் பெரும்பாலான கப்பல்களில் சுக்கான் ஒவ்வொரு பக்கமும் 35 பாகைக்கு மேல் திரும்பாது.

இந்தக் கனமான கதவைக் கையால் திருப்ப முடியாது. கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் உள்ள சிறிய சக்கரம் மின் கட்டளையை மட்டுமே அனுப்புகிறது. பின்முனையில், சுக்கானுக்கு நேர் மேலே, சுக்கான் இயந்திர அறை இருக்கிறது. அங்கே மின்பம்புகள் எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் உருளைகளுக்குள் செலுத்தும். உருளைத் தண்டுகள், சுக்கானின் அச்சில் பொருத்திய எஃகுக் கரத்தைத் தள்ளித் திருப்பும். கேட்ட கோணம் வந்ததும் தள்ளுவது நிற்கும். சுக்கான் உண்மையில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் உள்ள ஒரு முள் காட்டும். 'வலம் 10' என்று சொல்லியும் முள் அசையவில்லை என்றால், அதுதான் கோளாற்றின் முதல் அறிகுறி.

அப்போது முதல் வேலை, மற்றொரு பம்பை இயக்குவது. அதுவும் பலிக்காவிட்டால் சுக்கான் இயந்திர அறைக்கு ஆள் ஓட வேண்டும். அங்கிருந்து, தொலைபேசியில் வரும் கட்டளைக்கேற்ப எண்ணெய் வால்வுகளைக் கையால் இயக்கிச் சுக்கானைத் திருப்பலாம். இதற்கிடையில் வேகத்தைக் குறைத்து, வானொலியில் மற்றக் கப்பல்களை எச்சரிப்பார்கள். பகலில் இரண்டு கறுப்புப் பந்துகளையும் இரவில் இரண்டு சிவப்பு விளக்குகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்றுவார்கள். 'என்னால் வழிவிட முடியாது, நீங்கள் விலகுங்கள்' என்று அதற்குப் பொருள். ஆழம் குறைந்த இடமாக இருந்தால் நங்கூரமும் தயாராகும்.

எண்ணெயே வெளியேறிவிட்டால்? 1978 மார்ச் 16 அன்று பிரான்ஸ் கரைக்கு அப்பால் 'அமோக்கோ காடிஸ்' என்ற எண்ணெய்க் கப்பலுக்கு அதுதான் நேர்ந்தது. குழாய் இணைப்பின் திருகாணிகள் உடைந்து எண்ணெய் கொட்டியது. கடும் அலையில் சுக்கான் அடங்காமல் ஆடியது. இழுவைக் கப்பலாலும் காப்பாற்ற முடியாமல் அது பாறைகளில் மோதி உடைய, 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதன் பிறகு பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்குப் புதிய விதி வந்தது. ஒரு பகுதி பழுதானாலும் 45 விநாடிகளுக்குள் சுக்கான் மீண்டும் கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும்.

ஆனால் எந்தப் பகுதியுமே பழுதாகாமல் சுக்கான் 'கைவிட்ட' சம்பவமும் உண்டு. அது நடந்தது நம் ஜொகூர் கரைக்கு அப்பால், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில்.

2017 ஆகஸ்ட் 21, விடியாத நேரம். அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜோன் எஸ். மெக்கேய்ன்' நெரிசலான நீர்வழியில் சிங்கப்பூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுக்கானையும் எஞ்சின் வேகத்தையும் ஒரே மாலுமி சமாளிக்கத் திணறுவதைக் கண்ட கப்பல் தலைவர், வேகத்தை மட்டும் பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் ஒப்படைக்கச் சொன்னார். தொடுதிரையில் மாற்றியபோது சுக்கானும் சேர்ந்து பக்கத்துத் திரைக்குப் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அதிகாலை 5.21-க்கு முதல் மாலுமி 'சுக்கான் வேலை செய்யவில்லை' என்றார். அவருடைய திரையில் வேலை செய்யவில்லைதான்!

கட்டுப்பாடு மாறிய கணத்தில் சுக்கான் நடுநிலைக்குத் திரும்பியிருந்தது. அதுவரை கப்பலை நேராகச் செலுத்த அதைச் சில பாகை வலப்பக்கம் வைத்திருந்தார்கள். அந்தப் பிடி போனதும் கப்பல் இடப்பக்கம் விலகத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்கக் கட்டளை பிறந்தது. இந்தக் கப்பலுக்கு இரண்டு உந்துவிசிறிகள். திரையில் அவை ஒன்றாக இணைக்கப்படாததால், இடப்பக்க விசிறி மட்டுமே மெதுவானது. வலப்பக்க விசிறி ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் பழைய வேகத்திலேயே தள்ளியது. துடுப்புப் படகின் வலப்பக்கத் துடுப்பை மட்டும் வலித்தால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள். போர்க்கப்பல் இன்னும் வேகமாக இடப்பக்கம் சுழன்று, 'ஆல்னிக் எம்சி' என்ற எண்ணெய்க் கப்பலின் பாதையில் குறுக்கிட்டது.

பின்புற சுக்கான் அறையில் இருந்தவர்கள் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு விசிறிகளும் சரிசெய்யப்பட்டன. ஆனால் அதற்குள் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் போய்விட்டன. 5.24-க்கு எண்ணெய்க் கப்பலின் முன்முனை போர்க்கப்பலின் இடப்பக்கத்தைக் கிழித்தது. மாலுமிகள் உறங்கும் அறைகளில் வெள்ளம் புகுந்து 10 பேர் இறந்தனர்.

விசாரணையில் மாலுமிகளுக்குப் போதிய பயிற்சி இல்லை என்பது தெரிந்தது. குழப்பமான தொடுதிரை அமைப்பும் குறை கூறப்பட்டது. என் பார்வையில் இரண்டையும் பிரிக்க முடியாது. யார் கையில் சுக்கான் என்பதை ஒரே பார்வையில் சொல்லாத திரைக்கு, எவ்வளவு பயிற்சி இருந்தாலும் போதாது. 2019-இல் அமெரிக்கக் கடற்படை, இவ்வகைக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டுக்குத் தொடுதிரையை நீக்கி, கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோல்களைப் பொருத்தப்போவதாக அறிவித்தது.

சரக்குக் கப்பல்களில், புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் சுக்கானைச் சோதிக்க வேண்டும். முழு வேகத்தில் போகும்போது ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்கு அது 28 விநாடிகளுக்குள் வர வேண்டும் என்பது விதி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகையும் உண்டு. பம்புகளின் இரைச்சலுக்கு நடுவே, சுக்கான் இயந்திர அறையில் ஒருவர் தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பார். 'வலம் 10' என்று கேட்டதும் 'வலம் 10' என்று திரும்பச் சொல்வார். வால்வைத் தள்ளி, சுக்கான் அச்சில் பொறித்த அளவுகோலைப் பார்ப்பார். சுக்கான் அந்தக் கோணத்துக்கு வந்த பிறகே 'சுக்கான் வலம் 10-இல் நிற்கிறது' என்பார்.