பேட்டரி மீட்டர் காட்டும் சதவீதத்தை நம்பலாமா?

வீட்டு சோலார் பேட்டரியின் மீட்டர் 84% என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்வெர்ட்டர் அணைந்துபோகிறதா? பேட்டரியைக் குறைசொல்லும் முன், மின்னோட்டத்தை அளக்கும் ஹால் சென்சாரைச் சோதியுங்கள்.

பரவலாகக் கிடைக்கும் ACS712 சென்சாரின் 20 ஆம்பியர் வகையை எடுத்துக்கொள்வோம். 5 வோல்ட் கொடுத்தால், மின்னோட்டமே இல்லாதபோது அது 2.5 வோல்ட் தரும். இதுதான் அதன் சுழிய நிலை. ஒவ்வோர் ஆம்பியருக்கும் 0.1 வோல்ட் மாறும். சார்ஜ் ஆகும்போது ஒரு பக்கம், செலவாகும்போது மறுபக்கம். மீட்டர் இந்த ஆம்பியரை நேரத்தால் பெருக்கி, கூட்டிக்கொண்டே போய்ச் சதவீதமாக்குகிறது.

இதில் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று இரைச்சல்: எண் மேலும் கீழுமாகத் துள்ளும். இரு பக்கமும் துள்ளுவதால் கூட்டலில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். நூறு அளவீடுகளின் சராசரி எடுத்தாலே அடங்கிவிடும். மற்றொன்று சுழிய நகர்வு: வெப்பத்தால் 2.5 என்பது 2.52 ஆகிவிட்டால், இல்லாத 0.2 ஆம்பியர் சார்ஜ் ஆவதாக மீட்டர் எப்போதும் எண்ணும். சராசரி எடுத்தாலும் இது போகாது. ஒரு வாரத்தில் இது 33.6 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் உண்மையில் 50% இருக்க, திரை 84% காட்டும். அதை நம்பி அடிக்கடி ஆழமாக வடியவிட்டால், லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும்.

சோதிப்பது எளிது. சார்ஜரையும் லோடையும் நிறுத்தி, பேட்டரி லைனின் பிரேக்கரை இறக்குங்கள். மீட்டருக்குத் தனி சப்ளை இருந்தால் அது இப்போது சுழியம் காட்ட வேண்டும். காலையில் ஒருமுறையும், இன்வெர்ட்டர் சூடான பின் ஒருமுறையும் பாருங்கள். எண் ஒரே பக்கம் நின்றால் சுழியம் நகர்ந்திருக்கிறது. இந்த நிலையிலேயே சுழியத்தை மறுபடி பதிவுசெய்யுங்கள். சென்சாரை இன்வெர்ட்டரின் சூட்டிலிருந்தும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். சப்ளை 4.9 வோல்ட்டாக இறங்கினாலும் சுழியம் 2.45 ஆகிவிடும், நிலையான சப்ளை அவசியம். பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகும்போதெல்லாம் கணக்கை 100% என்று திருத்தும் வசதி மீட்டரில் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால், செல் வோல்டேஜைப் பார்த்துத் துண்டிக்கும் பி.எம்.எஸ். தனியாக இருந்தே ஆக வேண்டும். மீட்டர் பாதுகாப்புக் கருவி அல்ல.

வாங்கும்போது பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். மீட்டர் எண்ணைக் காட்டி பேட்டரி வாரண்டியை மறுத்தால், பேட்டரியையே நேரடியாகச் சோதித்து முடிவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். தேதியுடன் எடுத்த சுழியச் சோதனைப் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். புகாருக்கு அவை உதவும்.