சிப்பிக் காளானுடன் பால் காளான்: வாடிக்கையும் கைமுதலும் கெடாமல் சேர்ப்பது எப்படி?

சமவெளி மாவட்டங்களில் சிப்பிக் காளான் வளர்ப்போருக்கு மாசி மாதம் பிறந்தாலே கவலைதான். குடிலில் வெப்பநிலை 30 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் மொட்டுகள் குறைகின்றன, விளைச்சல் பாதியாகிறது. ஐப்பசி முதல் தவறாமல் வாங்கி வந்த வீடுகளும் கடைகளும் கோடையில் காளான் கிடைக்காமல் பழக்கத்தை விட்டுவிடுகின்றன. மறுபருவத்தில் அவர்களை மீண்டும் தேடிப் பிடிப்பது எளிதன்று.

இந்த இடைவெளியை நிரப்பத் தக்கது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏபிகே 2 என்ற இரகம் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்கு விளைகிறது. சிப்பிக் காளானுக்குப் பயன்படும் அதே வைக்கோல், அதே பாலித்தீன் பை, அதே கொதிநீர்த் தொட்டி இதற்கும் போதும். ஆகவே சிப்பியை நிறுத்திவிட்டுப் பால் காளானுக்கு ஒரேயடியாக மாறிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் பயிற்சி பெற்ற ஒரு சகோதரி, நகையை அடகு வைத்துப் புதிய குடில் அமைத்து, பங்குனியில் எல்லாப் படுக்கைகளையும் பால் காளானாகப் போட்டார். மேற்பூச்சு மண்ணைச் சரியாக வேகவைக்காததால் பச்சைப் பூசணம் படர்ந்து பாதிப் படுக்கைகள் வீணாயின. மீதியில் வந்த காளானை, கைவசம் இருந்த பழைய பைகளிலேயே அடைத்து வழக்கமான வீடுகளுக்குக் கொடுத்தார். அவர்களோ சிப்பியைப் போலவே பிய்த்துப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். "இந்தத் தடவை காளான் முற்றிப்போச்சு, ரப்பர் மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். காளானில் குறை இல்லை. அது வேறு காளான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பணம் திரும்பும் நாள்

இரண்டு காளான்களுக்கும் படுக்கைச் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பணம் திரும்பும் நாள் வேறு. சிப்பிக் காளானில் வித்து பரவ 15 முதல் 20 நாட்கள் ஆகும். அதன்பின் சில நாட்களில் முதல் அறுவடை கிடைத்துவிடும். பால் காளானில் வித்து பரவியதும் படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே முக்கால் அங்குல உயரத்திற்கு வேகவைத்த மண்ணை இடவேண்டும். மொட்டு தோன்ற மேலும் 8 முதல் 10 நாட்களும், அது பருவமடைய ஒரு வாரமும் தேவை. எனவே முதல் வரவு ஏறக்குறைய 32ஆம் நாளில்தான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு நான்கு படுக்கை போடும் ஒருவருக்கு, படுக்கைக்கு 70 ரூபாய் செலவாவதாக வைத்துக்கொள்வோம். ஒரேயடியாகப் பால் காளானுக்கு மாறினால், முதல் பணம் வரும்முன் 32 நாட்களில் 128 படுக்கைகளுக்கு 8,960 ரூபாய் முடங்கும். மாறாக, வாரத்திற்கு 28 சிப்பிப் படுக்கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாக நான்கு பால் காளான் படுக்கைகள் மட்டும் போட்டால், ஐந்து வாரத்தில் முடங்குவது 1,400 ரூபாய்தான். மண் வேகவைக்கும் விறகும் கொட்டகைச் செலவும் இதில் சேரவில்லை. இத்தொகையைச் சிப்பி வருமானத்திலிருந்தே எடுக்கலாம், கடன் வேண்டியதில்லை. முதல் தொகுதி விற்ற பணம் கைக்கு வந்தபிறகே படுக்கைகளை எட்டாக உயர்த்த வேண்டும்.

மாசி தொடக்கத்தில் முதல் நான்கு படுக்கைகளைப் போட்டால் பங்குனி தொடக்கத்தில் அறுவடைக்கு வரும். முதல் கோடையில் பால் காளான் குறைவாகவே கிடைக்கும். அதை ஏற்றுக்கொள்வதே நல்லது.

சிறு கொட்டகையே போதும்

பால் காளானுக்கு வெளிச்சமும் வெக்கையும் தேவை. ஆகவே சிப்பிக் குடிலுக்குள்ளேயே இதை வைத்தல் கூடாது. சற்றே பள்ளமாகத் தோண்டி, மேலே நீல நிறப் பாலித்தீன் விரிப்பு போட்ட சிறு கொட்டகை முதல் ஆண்டுக்குப் போதுமானது. மேற்பூச்சு மண்ணைச் சுண்ணாம்புத் தூளுடன் கலந்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் பயன்படுத்தவும். மண் மேல் பச்சைத் திட்டு தெரிந்தால் வேகவைத்தது போதவில்லை என்று பொருள். அப்படுக்கையை உடனே அகற்றிவிடவும். மொட்டுகள் மஞ்சளாகிக் காய்ந்தால் ஈரப்பதம் குறைவு. தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டமும் வெளிச்சமும் போதவில்லை.

வாடிக்கையாளருக்குச் சொல்லும் முறை

பழைய பையின் நிறத்தையும் பெயரையும் சிப்பிக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பால் காளானுக்கு வேறு நிறச் சீட்டு ஒட்டி, "பால் காளான்" என்று பெரிய எழுத்தில் அச்சிடவும். வெறுமனே "காளான்" என்று எழுதினால் குழப்பமே மிஞ்சும். எடை இரண்டிலும் 200 கிராமாகவே இருக்கட்டும். அப்போதுதான் விலையை ஒப்பிடுவது அவர்களுக்கு எளிது. ஒரே பையில் இரண்டையும் கலந்து எடை கூட்டுவது ஒருபோதும் கூடாது.

சீட்டில் இரண்டு வரிகள் போதும். ஒன்று, "மெல்லிய துண்டுகளாக நறுக்கி, சிப்பிக் காளானைவிடக் கூடுதல் நேரம் வேகவிடவும்." மற்றொன்று, "சிப்பி ஐப்பசி முதல் மாசி வரை, பால் காளான் பங்குனி முதல் புரட்டாசி வரை." முதல் இரண்டு வாரங்களில் வழக்கமான வீடுகளுக்குச் சிப்பிப் பையுடன் இரண்டு பால் காளானை இலவசமாகக் கொடுத்து, சமைக்கும் முறையை வாயாலும் சொல்லிவிடுங்கள். கடைக்காரர்களுக்கு மற்றொன்றும் சொல்லலாம். சிப்பி ஒரு நாளில் வாடிவிடும். பால் காளான் மூன்று நாட்களுக்குக் குறையாமல் தாங்கும்.

குறிப்பேடு சொல்லும் உண்மை

புதுப் பொருள் விற்றுவிட்டது என்பதாலேயே இலாபம் என்று கொள்ளலாகாது. முன்பு வாரத்திற்கு 100 பை சிப்பி விற்றதாகக் கொள்வோம். இப்போது 15 பை பால் காளானும் விற்று, சிப்பியும் 100 பையாகவே நின்றால் அது உண்மையான வளர்ச்சி. சிப்பி 88 ஆக இறங்கியிருந்தால், கூடுதலாக விற்றது மூன்று பைதான். மற்ற பன்னிரண்டும் பழைய வாடிக்கையாளர் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்தவை. அந்நிலையில் படுக்கையைக் கூட்டாமல் புதிய வீடுகளையும் கடைகளையும் தேடவேண்டும். சிப்பி விளையும் பங்குனி வரையில்தான் இந்த ஒப்பீடு செல்லும். எனவே அந்தச் சில வாரங்களின் கணக்கைத் தவறாமல் எழுதி வையுங்கள்.

மேலே சொன்ன சகோதரி மறு ஆண்டு நான்கு படுக்கைகளுடன் தொடங்கினார். காளானைத் திருப்பிக் கொடுத்த வீடுகளுக்கே முதலில் சென்று, நறுக்கும் விதத்தைச் செய்து காட்டினார். அடகு வைத்த நகையை மீட்க அவருக்கு இரண்டு கோடைகள் பிடித்தன. மாசிக்கு முன் வித்துக்குச் சொல்லி வைக்க விரும்புவோர் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். முதல் தடவை நான்கு படுக்கைக்கான வித்தை மட்டும் கேளுங்கள்.