விலையை ஏற்றினால் வரவு ஏறுமா?

ஒரு பொருளின் விலை மாறும்போது மக்கள் அதை வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்குத் தேவையின் விலை நெகிழ்ச்சி என்று பெயர். விலை ஏறினால் விற்பனை குறையும் என்பது எல்லா வியாபாரிக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு குறையும் என்பதைப் பொறுத்தே கல்லாவில் சேரும் பணம் கூடுவதும் குறைவதும் அமைகிறது. ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட ‘பொருளியல் கோட்பாடுகள்’ நூலில் இதற்குத் தெளிவான வரையறை தந்தார். விற்பனை அளவில் ஏற்பட்ட மாற்றத்தின் சதவீதத்தை விலையில் ஏற்பட்ட மாற்றத்தின் சதவீதத்தால் வகுத்தால் வருவதே நெகிழ்ச்சி:

நெகிழ்ச்சி = அளவு மாற்றத்தின் சதவீதம் ÷ விலை மாற்றத்தின் சதவீதம்

விலையும் அளவும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் விடை குறை எண்ணாகவே வரும். வழக்கத்தில் அந்தக் குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்வார்கள். சதவீதத்தில் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. டீயைக் கிளாஸிலும் அரிசியைக் கிலோவிலும் அளக்கிறோம். சதவீதமாக மாற்றினால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். டீ 10 ரூபாயாக இருந்தபோது நாளுக்கு 500 டீ விற்றது. விலையை 12 ரூபாயாக்கியதும் விற்பனை 450 ஆனது. விலை ஏற்றம் 20 சதவீதம், விற்பனைச் சரிவு 10 சதவீதம். 10-ஐ 20-ஆல் வகுத்தால் நெகிழ்ச்சி 0.5. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் இது நெகிழ்ச்சி குறைந்த தேவை. மொத்த வருவாய் என்பது விலையை அளவால் பெருக்கிய தொகை. முன்பு 5,000 ரூபாயாக இருந்த அது இப்போது 5,400 ரூபாய். ஆட்கள் குறைந்தாலும் வரவு கூடியிருக்கிறது.

இதன் காரணம் எளியது. விலையை ஏற்றும்போது ஒரே நேரத்தில் இரண்டு விளைவுகள் நிகழ்கின்றன. தொடர்ந்து வாங்கும் 450 பேரும் ஆளுக்கு 2 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள். அதனால் 900 ரூபாய் லாபம். வராமல் போன 50 பேர் தந்திருக்கக்கூடிய 10 ரூபாய் வீதம் 500 ரூபாய் நட்டம். மிச்சம் 400 ரூபாய். விற்பனைச் சரிவின் சதவீதம் விலையேற்றத்தின் சதவீதத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை முதல் தொகையே பெரிது. அது பெரிதாகிவிட்டால் இழப்பு முந்திக்கொள்ளும். அப்போது விலையைக் குறைப்பதுதான் வருவாயைக் கூட்டும் வழி. நெகிழ்ச்சி சரியாக ஒன்றாக இருந்தால் இரண்டும் ஈடாகி வருவாய் அசையாமல் நிற்கும்.

கடைக்காரர் இதில் துணிவு பெற்று விலையை 15 ரூபாயாக்குகிறார். விற்பனை 330-க்கு இறங்குகிறது. பழைய 10 ரூபாயோடு ஒப்பிட்டால் விலை ஏற்றம் 50 சதவீதம், சரிவு 34 சதவீதம், நெகிழ்ச்சி 0.68. இதுவும் ஒன்றுக்குக் கீழேதான். ஆகவே வருவாய் கூடியிருக்க வேண்டும். ஆனால் 15-ஐ 330-ஆல் பெருக்கினால் வருவது 4,950 ரூபாய். பழைய 5,000-ஐவிடக் குறைவு. விதி பொய்த்ததுபோல் தோன்றினாலும், பிழை கணக்கிட்ட முறையில் இருக்கிறது.

சதவீதத்தை எந்த எண்ணிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல். 10-லிருந்து 15-க்கு ஏறுவது 50 சதவீதம். 15-லிருந்து 10-க்கு இறங்குவதோ 33 சதவீதம். ஒரே இடைவெளிக்கு ஏறும் வழியில் ஒரு விடை, இறங்கும் வழியில் வேறொரு விடை. மாற்றம் சிறிதாக இருந்தால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பெரிதாக இருந்தால் முடிவையே மாற்றிவிடும். இதைத் தவிர்க்க இரண்டு எண்களின் சராசரியை அடிப்படையாகக் கொள்ளும் நடுப்புள்ளி முறையைப் பயன்படுத்துவார்கள். 500-க்கும் 330-க்கும் சராசரி 415, மாற்றம் 170, அது 41 சதவீதம். 10-க்கும் 15-க்கும் சராசரி 12.50; மாற்றம் 5; அது 40 சதவீதம். நெகிழ்ச்சி 1.02. ஒன்றைச் சற்றே தாண்டியிருக்கிறது, வருவாயும் சற்றே குறைந்திருக்கிறது. நடுப்புள்ளி முறையில் கணக்கிட்டால் நெகிழ்ச்சியும் வருவாயும் ஒருபோதும் முரண்படாது.

அதே முறையில் இரண்டு கட்டங்களையும் தனித்தனியே பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். 10-லிருந்து 12-க்கு நெகிழ்ச்சி 0.58, 12-லிருந்து 15-க்கு 1.38. கடையும் மாறவில்லை, டீயும் மாறவில்லை. நெகிழ்ச்சி மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே ஒரு பொருளுக்கு நிலையான ஒரே நெகிழ்ச்சி உண்டு என்று கொள்ள முடியாது. விலை உயர உயர அது கூடுவதே பெரும்பாலும் நடப்பது. 12 ரூபாயில் கிடைத்த விடையை வைத்து 20 ரூபாய்க்குக் கணக்குப் போடுவது ஆபத்து.

யாருடைய விலை மாறுகிறது என்பதும் முக்கியம். ஒரு கடை மட்டும் விலையை ஏற்றினால் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். நெகிழ்ச்சி கூடுதலாக இருக்கும். ஊரிலுள்ள எல்லாக் கடைகளும் சேர்ந்து ஏற்றினால் போக்கிடம் இல்லை, நெகிழ்ச்சி குறையும். விவசாயத்தில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். இங்கிலாந்தின் சார்லஸ் டேவனன்ட் 1699-இல் வெளியிட்ட நூலில் தானிய விலை பற்றிய மதிப்பீடு ஒன்று உண்டு. அது கிரிகோரி கிங்குடையது என்று கருதப்படுவதால் ‘கிங் விதி’ எனப்படுகிறது. அதன்படி, விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். நூறு மூட்டை நூறு காசுக்கு விற்ற இடத்தில் தொண்ணூறு மூட்டை 117 காசுக்கு விற்கும். நடுப்புள்ளி முறையில் நெகிழ்ச்சி 0.4. நாடு முழுதும் விளைச்சல் குறைந்தால் விவசாயிகளின் மொத்த வரவு கூடுகிறது. அமோகமாக விளைந்தால் குறைகிறது. ஆனால் தனியொரு விவசாயி தன் விளைச்சலை மட்டும் குறைத்துக்கொண்டால் சந்தை விலை அசையாது. அவருக்கு நட்டம்தான் மிஞ்சும்.

வருவாய் கூடுவதும் லாபம் கூடுவதும் ஒன்றல்ல. ஒரு டீக்குப் பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து 6 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், 12 ரூபாயில் 450 டீ விற்றபோது கையில் நிற்பது 2,700 ரூபாய். 15 ரூபாயில் 330 விற்றபோது 2,970 ரூபாய். வருவாய் 450 ரூபாய் குறைந்தும், போடாமல் விட்ட 120 டீயின் செலவான 720 ரூபாய் மிச்சமானதால் லாபம் கூடியிருக்கிறது. நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருந்தால் விலையேற்றம் வருவாயையும் கூட்டும், செலவையும் குறைக்கும். ஒன்றுக்கு மேலே போய்விட்டால் செலவுக் கணக்கையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தாலும் அதற்குக் கொடுத்த எண்கள் தவறாக இருக்கலாம். விலையேற்றிய வாரத்தில் மழை பெய்திருந்தாலோ, எதிரே புதுக்கடை திறந்திருந்தாலோ, விற்பனைச் சரிவு முழுவதையும் விலையின் தலையில் கட்ட முடியாது. முதல் வாரத்தில் பழக்கத்தால் வருபவர்கள் சில மாதங்களில் வேறு கடையைத் தேடிக்கொள்வதும் உண்டு. எனவே நெகிழ்ச்சி நாளாக ஆகக் கூடும். விலையை ஏற்ற நினைப்பவர் அதற்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியான சில வாரங்களின் விற்பனையைக் குறித்துவைத்து, நடுப்புள்ளி முறையில் கணக்கிட்டு, சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.