எட்டு மணி நேர இடைவெளி

சிகரெட்டை விடுவதற்காக எழுதித்தரும் ஒரு மாத்திரையை முதல் ஒரு வாரம் புகைத்துக்கொண்டேதான் விழுங்கச் சொல்வார்கள். புப்ரோப்பியான் என்ற அந்த மருந்து ரத்தத்தில் போதிய அளவில் நிலைபெற ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதனால் புகையை நிறுத்தும் நாளை முதலிலேயே குறித்துவிட்டு, அதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்குகிறார்கள்.

இதில் நிகோட்டின் துளியும் கிடையாது. புகையை இழுத்ததும் நிகோட்டின் மூளைக்குப் போய் டோப்பமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கவைக்கிறது. அந்தச் சில நிமிட நிறைவு அதனால்தான். நிறுத்தினால் டோப்பமைன் சரிகிறது, எரிச்சலும் தவிப்பும் வருகின்றன. சுரந்த டோப்பமைனையும் நார்அட்ரினலினையும் நரம்பு செல்கள் உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் புப்ரோப்பியான் தடுக்கிறது. இருப்பது சற்று நேரம் கூடுதலாகத் தங்குவதால் தவிப்பு தணிகிறது. நிகோட்டின் போய் ஒட்டும் ஏற்பிகளையும் இது ஓரளவு அடைப்பதால், இடையில் ஒன்றைப் பற்றவைத்தாலும் பழைய ருசி இருக்காது.

1997-இல் அமெரிக்காவில் 615 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. தினம் 300 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஏழாவது வார முடிவில் நூற்றுக்கு 44 பேர் புகைக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 பேர். ஓராண்டு கழித்து அது 23, 12 என்று இறங்கியது. விடுபவர்களின் எண்ணிக்கையை மருந்து ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது, ஆனாலும் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. அந்த ஆண்டே அமெரிக்க அரசு இதைப் புகை நிறுத்தும் மருந்தாக அனுமதித்தது.

அதற்கு முன்பே இந்த மருந்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1985 இறுதியில் மனச்சோர்வு மருந்தாக அனுமதி பெற்று, அடுத்த ஆண்டே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அளவுமீறி உண்டு, பிறகு வாந்தி எடுக்கும் புலிமியா நோய் உள்ள 55 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் நான்கு பேருக்கு வலிப்பு வந்தது. அடிக்கடி வாந்தி எடுப்பவர்களின் உடலில் உப்புச் சமநிலை குலைந்திருப்பது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அளவுக்கு உச்சவரம்பு கட்டி, 1989-இல் மருந்து திரும்பி வந்தது. உணவுக்கோளாறு உள்ளவர்களுக்கு இது கூடாது என்ற விதி இன்றும் நிற்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் கூடாது.

வலிப்பு அபாயம் அளவோடு சேர்ந்து ஏறுகிறது. புகை நிறுத்த உச்ச அளவு நாளுக்கு 300 மில்லிகிராம். அந்த அளவில் மெதுவாகக் கரையும் மாத்திரையால் ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரலாம். 450-இலிருந்து 600-க்குப் போனால் அபாயம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. முதல் மூன்று நாள் காலையில் ஒரே ஒரு 150 மில்லிகிராம் மாத்திரை. நான்காம் நாளிலிருந்து இரண்டு வேளை, இடையில் குறைந்தது எட்டு மணி நேரம். காலை எட்டுக்குப் போட்டால் அடுத்தது மாலை ஐந்துக்கு. படுக்கப்போகும்போது போட்டால் தூக்கம் கெடும். மாத்திரையை உடைத்தாலோ மென்றாலோ பல மணி நேரத்தில் கரைய வேண்டியது ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறிவிடும். மறந்துபோன மாத்திரைக்காக அடுத்த வேளை இரண்டு போடக் கூடாது.

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பகலில் ஒரு பாக்கெட் சிகரெட், இரவில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. மகளின் கல்யாணத்துக்கு முன் இரண்டையும் ஒரே நாளில் விடுவதாகச் சபதம் எடுக்கிறார். மருத்துவரிடம் சிகரெட்டைப் பற்றிச் சொல்கிறார், பிராந்தியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் மதுவால் அமுங்கியிருந்த மூளை, அது திடீரென்று நின்றதும் கட்டுமீறிக் கிளர்ந்தெழும். முதல் இரண்டு நாளில் அதுவே வலிப்பை வரவழைக்கலாம். அந்த நேரத்தில் வலிப்பின் வாசலைத் தாழ்த்தும் மாத்திரையும் உள்ளே இருக்கிறது. அவர் குடியைச் சொல்லியிருந்தால் மருத்துவர் முதலில் அதை மேற்பார்வையோடு குறைத்திருப்பார், சிகரெட்டுக்கு வேறு வழி பார்த்திருப்பார். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துபவர்களுக்கும் இதே கதைதான்.

பழைய தலைக்காயம், பக்கவாதம், சர்க்கரைக்கு இன்சுலின், மூட்டுவலிக்கு டிரமடால், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் என்று எது இருந்தாலும் மாத்திரைச் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். மனநிலை மாற்றம் வருகிறதா என்று வீட்டிலுள்ளவர்களும் கவனிக்க வேண்டும்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. ஆளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துச்செல்வது நல்லது. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு இந்த மாத்திரையை மறுபடி தொடங்கவே கூடாது.