மழையால் தள்ளிப்போன நாடகமும் ஓர் அறிவிப்பும்

2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் நடக்கவிருந்த ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி மழையால் அன்றைய தினமே ஒத்திவைக்கப்பட்டது. செப்டம்பர் 10 என்ற புதிய தேதி பின்னால்தான் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 9, 10 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடக்க இருந்த ஃபார்முலா 4 கார்ப் பந்தயம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31 அன்றுதான் தொடங்கியது. ஒன்றுக்கு நான்கு வாரம், இன்னொன்றுக்கு எட்டு மாதத்துக்கும் மேல். இரண்டுக்கும் பெயர் ஒத்திவைப்புதான். அதனால்தான் டிக்கெட் வாங்கியவருக்கு அந்தச் சொல் மட்டும் போதாது. எப்போது நடக்கும், கையில் இருக்கும் டிக்கெட் செல்லுமா, வர முடியாவிட்டால் பணம் எப்படித் திரும்பும் என்ற மூன்றும் அவருக்குத் தெரிய வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கு இதைச் சொல்லத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஊரில் நாடகமோ கச்சேரியோ நடத்தும் சின்னக் குழுக்களில், செயலாளரே இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் படத்தைப் போட்டு, அதன்கீழ் நாலு வரி எழுத வேண்டியிருக்கிறது. அந்த நாலு வரியைப் பற்றியே இங்கே பேச்சு.

ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் நவம்பர் 15, சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் திறந்தவெளி மைதானத்தில் நாடகம். டிக்கெட் ₹300. பாதி டிக்கெட் இணைய முன்பதிவுத் தளத்தில் விற்றது. மீதியில் கொஞ்சம் ஒரு புத்தகக் கடையில் ரொக்கத்துக்கும், கொஞ்சம் குழுவின் யுபிஐ கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டும் விற்றது. வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

இந்த நேரத்தில் வழக்கமாக எழுதப்படுவது, ‘அன்பார்ந்த கலை ரசிகர்களே, எதிர்பாராத இயற்கைச் சூழல் காரணமாகவும் ரசிகர்களின் பாதுகாப்பைக் கருதியும் கனத்த இதயத்துடன்...’ என்று தொடங்கும். அன்போடுதான் எழுதுகிறார்கள். ஆனால் இன்ஸ்டாகிராம் முதல் ஓரிரு வரியை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மடித்து வைக்கும். விரித்துப் படிக்காதவருக்குக் கனத்த இதயம் மட்டும் போய்ச் சேரும். நாடகம் நடக்காது என்பது சேராது. லால்குடியிலிருந்து பஸ் ஏறத் தயாராக இருப்பவருக்கு அந்த முதல் வரிதான் முழு அறிவிப்பும்.

எழுத உட்காருமுன் ஒரு வேலை இருக்கிறது. முன்பதிவு நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும்: தேதி மாறினால் நீங்களாகவே பணம் திருப்புவீர்களா, வாங்கியவர் கேட்டால்தானா? டிக்கெட் விலைக்கு மேல் வாங்கிய முன்பதிவுக் கட்டணமும் திரும்புமா? இது தெரியாமல் ‘முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்’ என்று எழுதிவிட்டால், கட்டணம் பிடிக்கப்பட்ட ஒவ்வொருவரும் குழு ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். நம் நாடகத்தில், கேட்டால் திருப்புவோம், ஆனால் கட்டணம் திரும்பாது என்று நிறுவனம் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அப்போது அறிவிப்பு இப்படி அமையலாம்:

“நவம்பர் 15 சனிக்கிழமை திருச்சி நாடகம் மழையால் நடக்காது. புதிய தேதி: நவம்பர் 29, சனி, மாலை 6 மணி.

இடமும் மாறுகிறது. மைதானத்தில் அல்ல, அதே சாலையில் உள்ள பள்ளிக் கலையரங்கில்.

29ஆம் தேதி வருகிறவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். கையில் இருக்கும் டிக்கெட்டே செல்லும்.

வர முடியாதவர்கள் நவம்பர் 22, சனி இரவு 8 மணிக்குள் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். டிக்கெட் விலை ₹300 கிடைக்கும்.

இணையத்தில் வாங்கியவர்கள், டிக்கெட் வாங்கிய தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்க் கேளுங்கள். அந்தத் தளம் வாங்கிய முன்பதிவுக் கட்டணம் திரும்பாது.

புத்தகக் கடையில் வாங்கியவர்கள், டிக்கெட்டை அதே கடையில் கொடுத்து ரொக்கமாகப் பெறலாம்.

எங்களுக்கு யுபிஐயில் அனுப்பியவர்கள், டிக்கெட்டின் படத்தை டிக்கெட்டில் அச்சிட்ட வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். பணம் வந்த கணக்குக்கே நவம்பர் 25, செவ்வாய்க்குள் அனுப்பிவிடுவோம்.

பணம் திருப்ப உங்கள் பின் நம்பரோ ஓடிபியோ கேட்க மாட்டோம். அலைச்சலுக்கு மன்னியுங்கள்.”

மன்னிப்பு கடைசியில் ஒரே வரியாக நிற்கிறது. தேதிகளோடு கிழமையும் இருக்கிறது. ‘நாளைய நாடகம்’, ‘வரும் சனி’ என்றெல்லாம் எழுதக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வெள்ளிக்கிழமை போட்ட பதிவு சிலர் கண்ணில் ஞாயிற்றுக்கிழமைதான் படும். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போனதோ இன்னும் தாமதமாகப் போகும். அப்போது ‘நாளை’ எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது.

பணம் திருப்பும் வழியை மூன்றாகப் பிரித்ததற்குக் காரணம், பணம் மூன்று வழியில் வந்ததுதான். எல்லோருக்கும் ஒரே வழி சொன்னால், கடையில் ரொக்கம் கொடுத்தவர் இல்லாத கணக்கைத் தேடி இணையத்தில் அலைவார். 22ஆம் தேதிக் கெடுவும் ஒப்புக்குப் போட்டதல்ல. திரும்பி வரும் இருக்கைகளை மறுபடி விற்க அதற்குப் பிறகு ஒரு வாரம் கிடைக்கிறது. 25ஆம் தேதி என்பது குழு பணத்தை அனுப்பும் நாள். அதைத்தான் குழுவால் உறுதி சொல்ல முடியும். முன்பதிவுத் தளத்தின் வழியே வாங்கியவருக்கு வங்கியில் சேர மேலும் சில நாள் ஆகலாம் என்பதால் அவர்களுக்கு அங்கே தேதி எழுதவில்லை.

நாடகம் ரத்தே ஆகிவிட்டால் கணக்கு வேறு. அப்போது பணத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பை ரசிகர் தலையில் வைப்பது நியாயமில்லை. இணையத்திலும் யுபிஐயிலும் பணம் கட்டியவர்களுக்குக் கேட்காமலே திருப்ப வேண்டும், கெடுவும் கூடாது. கடைக்கு வர வேண்டியவர்கள் ரொக்கம் கொடுத்தவர்கள் மட்டுமே. புதிய தேதி முடிவாகாத ஒத்திவைப்பிலும், தேதிக்காகக் காத்திருக்கச் சொல்லாமல் இப்போதே பணம் வாங்கிக்கொள்ளும் வழியைத் திறந்துவிடுவதே நேர்மை. கூடவே ‘நவம்பர் 20க்குள் புதிய தேதி சொல்கிறோம்’ என்று அடுத்த தகவலுக்காவது ஒரு நாள் குறிக்கலாம்.

பின் நம்பர் பற்றிய வரியை நீளம் கருதி வெட்டிவிடாதீர்கள். பணம் திருப்பும் அறிவிப்பு வந்த இடத்துக்கு மோசடிக்காரர்களும் வருவார்கள். பதிவின்கீழ் ‘இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று குழுவின் பெயரிலேயே எழுதுவார்கள். அழைத்தால் கியூஆர் குறியீட்டை அனுப்பி, ஸ்கேன் செய்து பின் போடச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் பெற பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் வெளியேதான் போகும். முதல் சில நாள்கள் குழுவில் ஒருவர் பின்னூட்டங்களைப் பார்த்து, இத்தகைய எண்களை உடனுக்குடன் நீக்க வேண்டும். வாட்ஸ்அப் எண்ணை அறிவிப்பில் எழுதாமல், டிக்கெட்டில் அச்சிட்ட எண் என்று சொன்னதும் இதற்காகத்தான். போலி எண் எது என்று அவரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லை பழைய சுவரொட்டிப் படம். புதிய அறிவிப்பைப் போட்ட பிறகும் 15ஆம் தேதி என்று சொல்லும் பழைய பதிவு சிலர் திரையில் மேலே வந்து நிற்கும். அதை நீக்கத் தேவையில்லை. நீக்கினால் அங்கே கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் போகாது. அதன் வாசகத்தைத் திருத்தி, முதல் வரியில் ‘தேதி மாறிவிட்டது: நவம்பர் 29, சனி’ என்று சேர்த்தால் போதும். புதிய பதிவின் படத்திலும் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிய தேதியைப் பெரிதாக எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறும்போது பல நேரம் படம் மட்டும்தான் போகிறது, கீழே எழுதியது கழன்றுவிடுகிறது.

26ஆம் தேதி காலை இன்னொரு சின்னப் பதிவு போட வேண்டும்: எங்கள் பக்கத்திலிருந்து பணம் எல்லோருக்கும் அனுப்பியாயிற்று, வராதவர்கள் டிக்கெட் படத்தோடு அதே எண்ணுக்கு எழுதுங்கள், 29ஆம் தேதி கலையரங்கக் கதவு மாலை 5.15க்குத் திறக்கும்.