நான்காவது வாசல்

ஓர் எண் மிகையாக இருக்கலாம், குறையாக இருக்கலாம், பூஜ்ஜியமாக இருக்கலாம். நான்காவது நிலை எதுவும் கிடையாது. ஆனால் 1969-இல் அப்பல்லோ 11 விண்கலத்தை நிலவில் இறங்க வழிநடத்திய கணினியில் CCS என்றொரு கட்டளை இருந்தது. ஓர் எண்ணைச் சோதித்து, அதன் நிலைக்கேற்ப நிரல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கட்டளை அது. அதற்கு நான்கு வாசல்கள்: மிகை எண்ணுக்கு ஒன்று, குறை எண்ணுக்கு ஒன்று, பூஜ்ஜியத்துக்கு ஒன்று, 'மைனஸ் பூஜ்ஜிய'த்துக்கு ஒன்று.

கடன் இல்லாதவனுக்கும் காசு இல்லாதவனுக்கும் பூஜ்ஜியம் ஒன்றுதான். அப்படியிருக்க, அந்தக் கணினியில் பூஜ்ஜியம் ஏன் இரண்டானது? கணினிக்குள் கழித்தல் குறி எழுத இடமில்லை என்பதில்தான் விடை தொடங்குகிறது. அங்கே இருப்பவை 0, 1 என்ற இரண்டு நிலைகள் மட்டுமே. குறை எண்ணையும் அந்த இரண்டைக் கொண்டே எழுதியாக வேண்டும்.

நான்கே பிட் கொண்ட ஒரு சின்னக் கணினியை எடுத்துக்கொள்வோம். நான்கு பிட்டில் 0000 முதல் 1111 வரை பதினாறு வடிவங்கள் கிடைக்கும். குறை எண்கள் வேண்டாம் என்றால் 0 முதல் 15 வரை எழுதிவிடலாம். வேண்டும் என்றால், இந்தப் பதினாறில் சிலவற்றை அவற்றுக்கு ஒதுக்க வேண்டும். எதை எதற்கு ஒதுக்குவது என்பதில் மூன்று பழைய வழிகள் உண்டு. 5 + (−3) என்ற கணக்கை மூன்றிலும் போட்டுப் பார்ப்போம்.

முதல் வழி நாம் தாளில் எழுதுவது போன்றது. முதல் பிட்டைக் குறிக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சம் மூன்றில் அளவை எழுதுவது. இதைக் குறி–அளவு முறை எனலாம். 5 என்பது 0101. −5 என்பது 1101. மூன்று பிட்டில் 7 வரைதான் எழுத முடியும் என்பதால் வீச்சு −7 முதல் +7 வரை. எண்ணிப் பார்த்தால் பதினைந்து எண்கள்தான் வருகின்றன, வடிவங்களோ பதினாறு. மீந்துபோன 1000 என்ற வடிவம், குறி 'மைனஸ்', அளவு 'பூஜ்ஜியம்' என்கிறது.

இனி கூட்டல். 5 என்பது 0101, −3 என்பது 1011. இரண்டையும் அப்படியே கூட்டினால் 10000 வருகிறது. நான்கு பிட்டில் அடங்காத முன் 1-ஐ வெட்டினால் மிஞ்சுவது 0000. ஐந்திலிருந்து மூன்று போனால் பூஜ்ஜியம் என்கிறது கணினி. அப்படியே கூட்டியதுதான் தவறு. நாம் கையால் போடும்போது முதலில் குறிகளைப் பார்க்கிறோம். ஒரே குறி என்றால் கூட்டுகிறோம். வேறு வேறு என்றால் எது பெரியது என்று பார்த்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதன் குறியை விடைக்கு வைக்கிறோம். நமக்கு இது ஒரு நொடி வேலை. சுற்றமைப்புக்கோ ஒப்பிட ஒரு பகுதி, கழிக்க ஒரு பகுதி, குறியைத் தீர்மானிக்க ஒரு பகுதி தேவை. 1950-களின் ஐபிஎம் 704 இந்தச் செலவை ஏற்றுக்கொண்டுதான் 36 பிட்டில் ஒன்றைக் குறிக்கும் மற்ற 35-ஐ அளவுக்கும் கொடுத்தது. பெருக்கலில் இந்த முறைக்குச் சிரமமே இல்லை: அளவுகளைப் பெருக்க வேண்டும், குறிகள் வேறுபட்டால் மைனஸ் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, ஒன்றின் நிரப்பி. குறை எண் வேண்டுமென்றால் மிகை எண்ணின் எல்லா பிட்டையும் புரட்டிப் போட வேண்டும். 3 என்பது 0011, ஆகவே −3 என்பது 1100. வீச்சு இதிலும் −7 முதல் +7 வரைதான். 0000-ஐப் புரட்டினால் 1111. அது இந்த முறையின் மைனஸ் பூஜ்ஜியம்.

கூட்டலில்தான் வித்தியாசம் தெரிகிறது.

```
   0101   (+5)
+  1100   (-3)
------
 1 0001
+     1
------
   0010   (+2)
```

முதல் கூட்டலில் வெளியே வழிந்த 1-ஐ வெட்டி எறிந்தால் 0001 மட்டும் இருக்கும். விடையில் ஒன்று குறையும். அதை எடுத்து வால் பக்கம் சேர்த்தால் சரியான விடை வந்துவிடுகிறது. மாயம் போலத் தோன்றினாலும் காரணம் எளியது. பிட்டுகளைப் புரட்டுவது என்பது 15-இலிருந்து கழிப்பதுதான். −3-ஐ நாம் 12 என்று எழுதியிருக்கிறோம். ஆகவே கூட்டியது 5 + 12, அதாவது 17. அதில் நாம் கடனாகச் சேர்த்தது 15. அதைக் கழித்தால் 2. ஆனால் ஐந்தாவது பிட்டை வெட்டும்போது கணினி கழிப்பது 15 அல்ல, 16. ஒன்று கூடுதலாகப் போய்விடுகிறது. வாலில் சேர்க்கும் 1, கூடுதலாக எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது.

குறியை ஒப்பிடவும் வேண்டாம், பெரியது சிறியது பார்க்கவும் வேண்டாம். ஒரே கூட்டல் சுற்றமைப்பு எல்லாக் குறிகளையும் சமாளிக்கிறது. ஆனால் 3-உடன் −3-ஐக் கூட்டிப் பாருங்கள்: 0011, 1100 இரண்டும் சேர்ந்தால் 1111. எதுவும் வழியவில்லை, திருப்பிச் சேர்க்கவும் ஏதுமில்லை. விடை மைனஸ் பூஜ்ஜியம். ஓர் எண் தன் எதிரெண்ணுடன் சேர்ந்து அழியும்போதெல்லாம் இதுவே நிகழும். 'விடை 0000-ஆ?' என்று மட்டும் கேட்கும் நிரல், 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு தவறான வழியில் போய்விடும். அப்பல்லோ கணினி ஒன்றின் நிரப்பியில் கணக்கிட்டது. அதன் நான்காவது வாசல் இந்த 1111-க்காகத் திறந்து வைக்கப்பட்டது.

சீமோர் கிரே வடிவமைத்து 1964-இல் வெளிவந்த சிடிசி 6600 இதே முறையைக் கையாண்டது. அதன் தீர்வு வேறு: கூட்டுவதற்குப் பதிலாகக் கழிப்பது. −3-ஐக் கூட்ட வேண்டுமென்றால் அதன் பிட்டுகளைப் புரட்டிக் கழிக்க வேண்டும். அப்போது 3 + (−3) என்பது 0011-இலிருந்து 0011-ஐக் கழிப்பதாகிறது. விடை தூய 0000. இப்படிச் செய்தால் இரண்டு மைனஸ் பூஜ்ஜியங்களையே கூட்டினாலொழிய மைனஸ் பூஜ்ஜியம் பிறக்காது.

மூன்றாவது வழியில் குறியும் இல்லை, புரட்டலும் இல்லை. எல்லா எண்ணுடனும் K என்ற ஒரு நிலையான எண்ணைக் கூட்டி எழுதுவது; எக்ஸஸ்-K என்பார்கள். K-ஐ 8 என்று வைத்தால் −8 என்பது 0000, −3 என்பது 0101, பூஜ்ஜியம் 1000, 7 என்பது 1111. பதினாறு வடிவங்களுக்குப் பதினாறு எண்கள். பூஜ்ஜியம் ஒன்றே ஒன்று. வீச்சு −8 முதல் +7 வரை. K-ஐ 7 ஆக்கினால் −7 முதல் +8 வரை. பூஜ்ஜியம் ஒன்றானதால் இரு பக்கமும் சமமாக இருக்க முடியாது.

கூட்டலில் 5 என்பது 13, −3 என்பது 5, சேர்ந்தால் 18. இதில் K இரண்டு முறை புகுந்துவிட்டது. ஒன்றை, அதாவது 8-ஐக் கழித்தால் 10. இந்த முறையில் 10 என்றால் 2. விடை சரி, ஆனால் ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் ஒரு கழித்தல். பதிலுக்குக் கிடைப்பது வரிசை. முந்தைய இரு முறைகளிலும் −1-இன் வடிவம் (1001 அல்லது 1110), 7-இன் வடிவமான 0111-ஐவிடப் பெரிதாகத் தெரியும். எக்ஸஸ் முறையில் சிறிய எண்ணுக்குச் சிறிய வடிவம், பெரிய எண்ணுக்குப் பெரிய வடிவம்.

முழு எண்களைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் இரண்டின் நிரப்பி ஓரங்கட்டிவிட்டது. அது ஒன்றின் நிரப்பியில் பின்னால் திருப்பித் தரும் அந்த 1-ஐ முன்கூட்டியே சேர்த்துவிடுகிறது. −3-ஐ 12 என்று எழுதாமல் 13 என்று எழுதினால், 5 + 13 = 18; ஐந்தாவது பிட்டை வெட்ட 16 போய் 2. பூஜ்ஜியமும் ஒன்றுதான். ஆனாலும் பழைய மூன்றும் மறையவில்லை. அதனதன் குணத்துக்கேற்ற இடத்தில் இருக்கின்றன.

1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி, 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் இரண்டின் அடுக்கு 127-ஐக் கூட்டி எழுதப்படுகிறது. 0.5-இன் அடுக்கு −1, எழுதுவது 126. 2-இன் அடுக்கு 1, எழுதுவது 128. ஆகவே இரண்டு மிகை மிதவைப் புள்ளி எண்களில் எது பெரியது என்றறிய அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. முழு எண்கள் போல ஒப்பிட்டாலே போதும். பெருக்கும்போது மட்டும் அந்தக் கூடுதல் கழித்தல் உண்டு. 8 × 0.25 என்பதில் 130-உம் 125-உம் சேர்ந்து 255. அதில் 127-ஐக் கழித்தால் 128, அதாவது 2. கழிக்க மறந்தால், முடிவிலிக்கென ஒதுக்கிய 255 என்ற குறியீட்டில் போய் நிற்கும்.

அதே மிதவைப் புள்ளி எண்ணின் முதல் பிட் குறி, மற்றது அளவு. அதனால் மைனஸ் பூஜ்ஜியம் அங்கே இன்றும் உயிருடன் இருக்கிறது. ஒப்பிட்டால் இரண்டும் சமம். ஆனால் 1-ஐ அவற்றால் வகுத்தால் ஒன்று மிகை முடிவிலியையும் மற்றது குறை முடிவிலியையும் தரும். எழுத முடியாத அளவுக்குச் சுருங்கிப்போன எண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அந்தக் குறி நினைவில் வைத்திருக்கிறது.

ஒன்றின் நிரப்பி இணையத்தில் ஓடுகிறது. தரவுப் பொட்டலங்கள் வழியில் சிதையவில்லை என்று சரிபார்க்க அவற்றின் 16 பிட் சொற்களை இந்த முறையில் கூட்டுகிறார்கள். சில கணினிகள் ஒரு சொல்லின் இரு பைட்டுகளை இடம் மாற்றி வைக்கும்; ஆனாலும் விடை கெடாது. தசமத்திலேயே பார்க்கலாம்: 1290 + 3425 = 4715. இரண்டு இரண்டு இலக்கமாக இடம் மாற்றினால் 9012 + 2534 = 11546; வழிந்த 1-ஐ வாலில் சேர்க்க 1547. முதல் விடையான 4715-ஐ இடம் மாற்றினாலும் 1547-தான். வால் வழியே திரும்பி வரும் 1 இலக்கங்களை ஒரு வட்டமாக்கிவிடுகிறது. வட்டத்தில் எங்கே தொடங்கினாலும் கணக்கு ஒன்றே.

யூடிபி நெறிமுறையில் இந்தச் சரிபார்ப்பு எண்ணைப் போடாமலும் அனுப்பலாம். போடவில்லை என்பதற்கு அடையாளம் பதினாறு 0. கணக்கிட்டு உண்மையிலேயே பூஜ்ஜியம் வந்துவிட்டால்? பதினாறு 1 அனுப்பு என்கிறது 1980-இல் எழுதப்பட்ட விதி. மதிப்பு மாறவில்லை, ஏனென்றால் அதுவும் பூஜ்ஜியம்தான். 'கணக்கிடவில்லை' என்பதையும் 'கணக்கிட்டேன், பூஜ்ஜியம் வந்தது' என்பதையும் கூடுதலாக ஒரு பிட்கூடச் செலவிடாமல் பிரித்துச் சொல்ல அந்த இரண்டாவது பூஜ்ஜியம் உதவுகிறது. நிலவுக்குப் போன கணினி தனியாக ஒரு வாசல் வைத்துச் சமாளித்த அதே 1111, இங்கே ஒரு செய்தியைச் சுமந்து செல்கிறது.